போலி அவசரத்தை ஏன் எழுதித் தர மறுத்தேன்: ஒரு கடிதமும் அதன் விளக்கமும்

செயலிகள் நம்மை ஏமாற்றுகின்றன என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். விளம்பரம் காட்டினாலும் ஏமாற்று, தள்ளுபடி கொடுத்தாலும் ஏமாற்று, நிஜமாகவே பொய் சொன்னாலும் ஏமாற்று. எதிர்ப்பக்கத்தில் இருப்பவர்களோ, வியாபாரம் என்றால் எல்லாமே கொஞ்சம் அப்படித்தான் என்கிறார்கள். இரண்டு பேச்சிலும் ஒரே குறை. எது செய்யலாம், எது செய்யக்கூடாது என்று பிரித்துப் பார்க்க இரண்டுமே உதவுவதில்லை. மென்பொருள் எழுதுகிறவர்களுக்கு அந்தப் பிரிப்பு தினசரித் தேவை.

நான் குன்னூரில் இருந்தபடி அறை முன்பதிவு செயலி ஒன்றுக்கு நிரல் எழுதுகிறேன். நீலகிரியிலும் கொடைக்கானல் பக்கத்திலும் இருக்கும் ஹோம்ஸ்டேக்கள், காட்டேஜ்கள் அதில் இருக்கின்றன. கோடை சீசனுக்கு முன்னால் என் மேலாளர் ஒரு வசதியைச் செய்யச் சொன்னார். செய்ய மாட்டேன் என்று அவருக்குக் கடிதம் எழுதினேன். அதைப் படித்த இளைய சகாக்கள் சிலர், "அக்கா, சட்டப்படி தப்பு என்று ஒரே வரியில் முடித்திருக்கலாமே, எதற்கு மனிதரை மதிப்பது பற்றியெல்லாம் எழுதினீர்கள்?" என்று கேட்டார்கள். நல்ல கேள்வி. அறவியல் எதுவும் படித்திராதவர்களுக்கும் புரியும்படி அதற்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

## என்னிடம் கேட்டது என்ன

ஒருவர் ஒரு அறையைத் திறந்து பார்க்கும்போது திரையில் மூன்று விஷயங்கள் வர வேண்டும். "இந்த விலையில் இன்னும் 1 அறை மட்டும்" என்று சிவப்பு எழுத்தில் ஒரு வரி. "இப்போது 14 பேர் இதைப் பார்க்கிறார்கள்" என்று இன்னொரு வரி. கீழே பத்து நிமிடத்திலிருந்து இறங்கும் ஒரு டைமர். இப்படி ஒரு தளத்தில் நீங்களும் பதறியிருப்பீர்கள்.

மாதிரிக்கு என்று கொடுத்திருந்த நிரலின் சாரம் இவ்வளவுதான்:

```
const roomsLeft = 1;
const viewers   = 5 + Math.floor(Math.random() * 12);
const deadline  = Date.now() + 10 * 60 * 1000;
```

நிரல் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். முதல் வரி, எத்தனை அறை காலியாக இருந்தாலும் "1" என்று வைக்கிறது. இரண்டாவது வரி 5-க்கும் 16-க்கும் இடையில் ஏதோ ஒரு எண்ணைக் குலுக்கிப் போட்டு எடுக்கிறது. மூன்றாவது வரி, நீங்கள் பக்கத்தைத் திறந்த நொடியிலிருந்து பத்து நிமிடத்தைக் கணக்கிடுகிறது. அந்தப் பத்து நிமிடம் முடிந்தால் என்ன நடக்கும்? ஒன்றும் நடக்காது. விலை மாறாது, அறை போகாது. அறைகளின் விவரம் இருக்கும் டேட்டாபேஸை இந்த மூன்று வரிகளில் ஒன்றுகூடத் தொடவில்லை.

இதை வெளியிலிருந்தே கண்டுபிடிக்கலாம். பக்கத்தை ரீலோட் செய்யுங்கள். டைமர் மறுபடி பத்திலிருந்து தொடங்கினால் அதன் பின்னால் எதுவும் இல்லை. பக்கத்தில் இருப்பவரின் போனில் அதே அறையை அதே நேரத்தில் திறந்து பாருங்கள். உங்களுக்கு 14 பேர், அவருக்கு 7 பேர் என்று காட்டினால், யாரும் யாரையும் எண்ணவில்லை.

இந்த வகை வடிவமைப்புகளுக்கு 'டார்க் பேட்டர்ன்' என்று பெயர். பயன்படுத்துகிறவர் தானாகச் செய்திருக்க மாட்டாத ஒன்றை அவரைச் செய்யவைக்கும் திரை அமைப்பு என்று பொருள். 2010-இல் ஹாரி பிரிக்னல் என்ற வடிவமைப்பாளர் வைத்த பெயர் இது. அதில் ஒரு வகைதான் நான் மறுத்த போலி அவசரம். இல்லாத தட்டுப்பாட்டையோ இல்லாத கெடுவையோ இருப்பதாகக் காட்டி, உடனே வாங்கவைப்பது.

## பஸ் ஸ்டாண்டில் நிற்கும் புரோக்கர்

மே மாதம், மலர்க் கண்காட்சி நேரம். ஊட்டி பஸ் ஸ்டாண்டில் ஒரு குடும்பம் இரவு இறங்குகிறது. குளிர். குழந்தை தூங்கி விழுகிறது. ஒருவர் ஓடி வந்து, "சார், எங்கேயும் ரூம் இல்லை சார். ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு. இப்ப சொன்னாத்தான்" என்கிறார்.

அவர் சொல்வது உண்மையாக இருக்கலாம். கண்காட்சி நாட்களில் ஊர் நிறைந்துவிடுவது வழக்கம்தான். உண்மையாக இருந்தால் அவர் செய்தது உதவி. அதற்கு அவர் கமிஷன் வாங்குவதிலும் தப்பில்லை. ஆனால் பக்கத்துத் தெருவில் நான்கு லாட்ஜ் காலியாக இருப்பது தெரிந்தும் அதே வார்த்தைகளைச் சொன்னால்? வார்த்தை மாறவில்லை, குரல் மாறவில்லை. அவர் உங்கள் சட்டைப் பையில் கைவிடவும் இல்லை. நீங்களேதான் பணத்தை எடுத்துக் கொடுக்கிறீர்கள். ஆனாலும் ஏதோ ஒன்றை அவர் உங்களிடமிருந்து எடுத்துவிட்டார். என்ன அது என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி.

செயலிக்கும் புரோக்கருக்கும் ஒரு வித்தியாசம் உண்டு, அது செயலிக்குச் சாதகமானது அல்ல. புரோக்கரின் முகத்தைப் பார்க்கலாம், பேச்சை எடைபோடலாம், பக்கத்து டீக்கடையில் விசாரிக்கலாம். திரையில் வரும் எண்ணை யாரும் அப்படி எடைபோடுவதில்லை. கம்ப்யூட்டர் எண்ணிச் சொல்கிறது என்று நம்புகிறோம். அந்த நம்பிக்கையின் மேல்தான் போலி அவசரம் நிற்கிறது.

இதுவரை பார்த்தது: தட்டுப்பாட்டைச் சொல்வது தப்பில்லை. இல்லாத தட்டுப்பாட்டைச் சொல்வதில்தான் சிக்கல். இரண்டுக்கும் வெளித்தோற்றம் ஒன்றே.

## பத்து நிமிடத்தில் காணாமல் போவது

ஒருவரை வைத்துப் பார்ப்போம். திருப்பூரில் வேலை முடித்து வந்த ஒரு பெண், இரவு பதினோரு மணிக்குப் போனைத் திறக்கிறார். அப்பா அம்மாவைக் கோத்தகிரிக்கு இரண்டு நாள் கூட்டிப்போக வேண்டும். அம்மாவுக்கு முழங்கால் வலி. ஒரு வீடு பிடித்திருக்கிறது. படத்தில் தேயிலைத் தோட்டமும் பள்ளத்தாக்கும் அழகாக இருக்கின்றன.

மலையில் வீடு பார்த்தவர்களுக்குத் தெரியும், இங்கே பல வீடுகள் ரோட்டுக்குக் கீழே சரிவில் இருக்கும். வண்டி மேலேயே நின்றுவிடும். அங்கிருந்து படி இறங்க வேண்டும். அந்தப் படிகள் படத்தில் வராது, ஏனென்றால் படம் எடுக்கிறவர் பள்ளத்தாக்கைப் பார்த்துத்தான் கேமராவைத் திருப்புவார். எத்தனை படி, கைப்பிடி இருக்கிறதா, வெந்நீர் எந்த நேரம் வரும் என்பதெல்லாம் வீட்டுக்காரரிடம் கேட்டால்தான் தெரியும். வீட்டுக்காரர் தூங்கியிருப்பார். காலையில்தான் போனை எடுப்பார்.

சாதாரணமாக அந்தப் பெண் என்ன செய்வார்? குறித்து வைத்துக்கொண்டு காலையில் போன் பண்ணுவார். ஆனால் திரையில் ஒரே அறை, பதினான்கு பேர், ஏழு நிமிடம் முப்பது நொடி. இப்போது அவர் மனதில் இருக்கும் கேள்வியே மாறிவிட்டது. "இந்த வீடு அம்மாவுக்கு ஒத்துவருமா?" என்பது போய், "இதை இழந்துவிடுவேனா?" என்பது வந்துவிட்டது. கைக்கு எட்டியது போய்விடும் என்று தோன்றினால் நம் கவனம் முழுவதும் அங்கேதான் போகும். இது முட்டாள்தனம் அல்ல. நிஜமாகவே ஒரே அறை இருந்து பதினான்கு பேர் மோதினால், அவசரப்படுவதுதான் புத்திசாலித்தனம். அவருடைய நியாயமான பழக்கத்துக்குப் பொய்யான தகவலைத் தீனியாகப் போடுகிறோம்.

அவர் பணம் கட்டிவிடுகிறார். ரத்து செய்தால் பணம் திரும்பாது என்ற வரி கீழே இருந்தது, அதைப் படிக்க நேரமில்லை. பத்து நிமிடம் விழுங்கியது எதை என்று பாருங்கள். படியைப் பற்றிய போன் அழைப்பு, ரத்து விதிமுறை, இன்னொரு வீட்டோடு ஒப்பீடு. முடிவு எடுப்பதற்குத் தேவையான வேலைகள் மட்டும் பொறுக்கி எடுத்ததுபோலக் காணாமல் போயிருக்கின்றன. இது பக்க விளைவு அல்ல. அந்த வேலைகள் நடக்கக்கூடாது என்பதுதான் டைமரின் நோக்கம்.

இப்போது கதையைக் கொஞ்சம் மாற்றுவோம். அந்த வீட்டுக்குப் படியே இல்லை, வண்டி வாசல்வரை போகிறது, அம்மாவுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அப்போது நாம் செய்தது சரியா?

சரியில்லை என்பதுதான் என் கட்சி. இங்கேதான் நஷ்டத்தை வைத்துப் பேசும் வாதமும் மனிதரை மதிப்பதை வைத்துப் பேசும் வாதமும் பிரிகின்றன. நஷ்டத்தை மட்டும் பார்த்தால், இந்த இரண்டாவது கதையில் யாருக்கும் ஒரு குறையும் இல்லை. மதிப்பை வைத்துப் பார்த்தால் குறை அப்படியே இருக்கிறது. அவருக்கு நல்லது நடந்தது அதிர்ஷ்டத்தால். முடிவெடுத்தது அவர் விரல், அவர் அல்ல.

## மனிதரை மதித்தல் என்றால் என்ன

அன்றாடப் பேச்சில் மதிப்பது என்றால் பணிவாகப் பேசுவது. அறவியலில் இதற்குக் குறிப்பிட்ட பொருள் ஒன்று இருக்கிறது. எதிரில் இருப்பவர் தனக்கென்று நோக்கங்கள் வைத்திருப்பவர், காரணங்களை எடைபோட்டுத் தானே முடிவெடுக்கக்கூடியவர். அவரை அப்படியே நடத்த வேண்டும். இதுதான் மனிதரை மதித்தல்.

இதைத் தெளிவாக வைத்தவர் இம்மானுவேல் கான்ட் என்ற ஜெர்மானியத் தத்துவவாதி. 1785-இல் அவர் எழுதியதன் சாரம் இது: எந்த மனிதரையும் வெறும் கருவியாக மட்டும் நடத்தாதே, எப்போதும் அவரைத் தன்னளவில் ஒரு நோக்கமாகவும் நடத்து.

இதில் 'மட்டும்' என்பதை விட்டுவிட்டுப் படிப்பதால்தான் நிறைய குழப்பம். நாம் எல்லோரும் ஒருவரை ஒருவர் பயன்படுத்திக்கொண்டுதான் வாழ்கிறோம். மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறும் பஸ்ஸின் ஓட்டுநர் மூலமாக நான் வீட்டுக்கு வருகிறேன், அவர் என் டிக்கெட் மூலமாகச் சம்பளம் வாங்குகிறார். எங்கே போகிறது, எவ்வளவு காசு என்று இருவருக்கும் தெரியும், இருவரும் ஒத்துக்கொண்டோம். கான்ட் இதை மறுக்கவே இல்லை. அவர் மறுப்பது, எதிரில் இருப்பவர் ஒத்துக்கொள்ளவே வழியில்லாத முறையில் அவரைப் பயன்படுத்துவதை. கடன் திருப்பித் தரும் எண்ணமே இல்லாமல், தருகிறேன் என்று சொல்லிப் பணம் வாங்குகிறவரை அவரே உதாரணம் காட்டுகிறார். அந்த ஏற்பாட்டுக்குக் கடன் கொடுத்தவர் சம்மதிக்க முடியாது, ஏனென்றால் உண்மையான ஏற்பாடு என்ன என்றே அவருக்குத் தெரியாது.

சுருக்கமாக: ஒருவரால் லாபம் அடைவது தப்பில்லை. நாம் செய்வது என்ன என்று தெரிந்தால் அவர் ஒத்துக்கொள்ள மாட்டார், அதனால் தெரியாமல் செய்கிறோம் என்ற நிலைதான் தப்பு.

## கடிதம்

இனி கடிதம். அலுவலக விவரங்களை மட்டும் எடுத்துவிட்டேன்.

> வணக்கம் சார்,
>
> கோடை சீசன் வேலைப் பட்டியலில் என் பெயரில் இருக்கும் 'அவசர அறிவிப்பு' வேலையை நான் செய்யப்போவதில்லை. தள்ளிப்போடவில்லை, மறுக்கிறேன். காரணம் உங்களுக்குத் தெளிவாகத் தெரிய வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.
>
> மீதமுள்ள அறை, பார்ப்பவர்கள் எண்ணிக்கை, டைமர் மூன்றும் நம்மிடம் இருக்கும் எந்தத் தகவலிலிருந்தும் வரவில்லை. நாமே உண்டாக்குகிறோம்.
>
> நம் செயலியைத் திறக்கிறவர் ஒரு முடிவெடுக்க வருகிறார். அவருக்குத் தன் குடும்பம் தெரியும், தன் பணம் தெரியும், யாருக்கு மூட்டு வலி, யாருக்குக் குளிர் ஆகாது என்று தெரியும். இதெல்லாம் நமக்குத் தெரியாது. நமக்குத் தெரிந்தது அறையைப் பற்றி மட்டும்தான். நமக்குத் தெரிந்ததை உள்ளபடி சொன்னால், அவர் தனக்குத் தெரிந்ததோடு சேர்த்து முடிவெடுப்பார். அவருடைய பங்கை நாம் செய்ய முடியாது. நம்முடைய பங்கை அவர் சரிபார்க்க முடியாது. அதனால்தான் அதில் பொய் வைக்கக்கூடாது என்கிறேன்.
>
> "யோசிக்க விட்டால் வேறு தளத்தில் ஒப்பிடப் போய்விடுகிறார்கள்" என்று இந்த வேலைக்கான குறிப்பிலேயே இருக்கிறது. அந்த வரியை அப்படியே டைமருக்குக் கீழே போட நமக்கு மனம் வருமா சார்? போட்டால் டைமர் வேலை செய்யாது. நாம் செய்வது அவருக்குத் தெரியாமல் இருந்தால்தான் வேலை செய்யும் ஒன்று, அவர் யோசனையோடு பேசவில்லை, அதைச் சுற்றிக்கொண்டு போகிறது. அவருடைய பயத்தை ஒரு கைப்பிடிபோலப் பிடித்துத் திருப்புகிறோம். மனிதரை அப்படிக் கையாளும் ஒன்றை நான் எழுத மாட்டேன்.
>
> இதனால் யாருக்கும் பெரிய நஷ்டம் வராது என்று நீங்கள் சொல்லலாம். வராமலும் போகலாம். என் மறுப்பு அதைப் பொறுத்தது அல்ல. நல்ல அறையாகவே கிடைத்தாலும், அதைத் தேர்ந்தெடுக்கும் உரிமை அவருடையதாக இருந்தது.
>
> நிறுவனத்துக்கு இந்த சீசன் எவ்வளவு முக்கியம் என்று எனக்குத் தெரியும். மழை தொடங்கினால் அறைகள் காலியாகிவிடும், வீட்டுக்காரர்களும் நம்மை நம்பியிருக்கிறார்கள். விற்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. உண்மையான மீதி எண்ணிக்கையைக் காட்டுகிறேன். பணம் கட்டும் நேரத்தில் அறையை நிஜமாகவே பிடித்துவைக்கும் வசதியை எழுதுகிறேன். படிகளின் எண்ணிக்கை, வண்டி எதுவரை வரும் என்பதை ஒவ்வொரு வீட்டுக்கும் சேர்க்கிறேன்.
>
> மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30-இல் வெளியிட்ட வழிகாட்டுதல்களிலும் போலி அவசரம் தடை செய்யப்பட்ட ஒன்று. சட்டக் குழுவிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.
>
> கடைசியாக ஒன்று. சர்வர் தாங்காது, சீசனுக்குள் முடிக்க முடியாது என்று ஏதாவது தொழில்நுட்பக் காரணம் சொல்லி நான் இதிலிருந்து நழுவியிருக்கலாம். நீங்களும் நம்பியிருப்பீர்கள். அப்படிச் செய்தால், எதை எதிர்க்கிறேனோ அதையே உங்களிடம் செய்தவள் ஆவேன். இதை வேறு யாரிடமாவது கொடுக்க நினைத்தால், இந்தக் கடிதத்தையும் அவர்களுக்குக் காட்டுங்கள். அவர்களும் தெரிந்து முடிவெடுக்கட்டும்.

சட்டத்துக்கு ஏன் ஒரே பத்தி என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன். அந்த வழிகாட்டுதல்கள் 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வந்தவை. மொத்தம் 13 வகை டார்க் பேட்டர்ன்களைப் பட்டியலிடுகின்றன, போலி அவசரம் அதில் முதலாவது. பயனுள்ள பட்டியல். ஆனால் "பட்டியலில் இருக்கிறது, அதனால் முடியாது" என்று மட்டும் எழுதியிருந்தால், பட்டியலில் இல்லாத இன்னொரு வடிவத்தை அடுத்த வாரம் கேட்டிருப்பார்கள். அதற்கு என்னிடம் பதில் இருந்திருக்காது.

## மேலாளர் கேட்ட கேள்விகள்

அவர் கோபப்படவில்லை. போனில் நிறையக் கேள்வி கேட்டார். அவற்றில் இரண்டைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதே கேள்விகளைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள்.

முதல் கேள்வி: "அவர்களேதானே அழுத்துகிறார்கள்? யாரும் கட்டாயப்படுத்தவில்லையே?"

மனிதரை மதித்தல் என்ற கொள்கை மருத்துவ ஆராய்ச்சிக்குள் எப்படி நுழைந்தது என்று பார்த்தால் இதற்குப் பதில் கிடைக்கும். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் டஸ்கீகி என்ற ஊரில், 1932 முதல் 1972 வரை, சிபிலிஸ் நோய் இருந்த கறுப்பின ஆண்கள் நூற்றுக்கணக்கானோரை அரசு சுகாதாரத் துறை சிகிச்சை கொடுக்காமல் கவனித்துக்கொண்டே இருந்தது. சிகிச்சை நடப்பதாகத்தான் அவர்களிடம் சொல்லியிருந்தார்கள். அந்த நோயைக் குணமாக்கும் பெனிசிலின் வந்த பிறகும் அதைக் கொடுக்கவில்லை. யாரையும் கட்டி இழுத்து வரவில்லை, அவர்களேதான் வந்தார்கள். இது வெளியே வந்த பிறகு அமைந்த ஆணையம் 1979-இல் வெளியிட்ட பெல்மான்ட் அறிக்கையில் முதல் கொள்கையாக இருப்பது மனிதரை மதித்தல். அதிலிருந்து வரும் நடைமுறை விதி, சம்மதம் என்பது தகவலோடும் புரிதலோடும் தானாக வர வேண்டும் என்பது.

அறை முன்பதிவை அந்தக் கொடுமையோடு ஒரே தட்டில் வைக்க முடியாது, வைக்கவும் கூடாது. பாதிப்பின் அளவு வேறு. ஆனால் "அவர்களே வந்தார்கள்" என்ற பதில் ஏன் போதாது என்பதற்கான காரணம் ஒன்றுதான். தானாக நடந்து வருவதும் தெரிந்து சம்மதிப்பதும் வேறு வேறு.

இரண்டாவது கேள்வி இன்னும் கடினமானது. "ஏ/பி டெஸ்டில் இது ஜெயித்தால்? மக்களுக்கு இதுதான் பிடித்திருக்கிறது என்றுதானே அர்த்தம்?"

ஏ/பி டெஸ்ட் என்பது, வருகிறவர்களில் பாதிப் பேருக்கு ஒரு வடிவம், மீதிப் பேருக்கு இன்னொரு வடிவம் காட்டி, எதில் அதிக முன்பதிவு நடக்கிறது என்று எண்ணுவது. டைமர் உள்ள வடிவம் அதில் ஜெயிக்கும் என்றே நானும் நினைக்கிறேன். ஆனால் அது எண்ணுவது பொத்தான் அழுத்தப்பட்டதை மட்டும். ஏன் அழுத்தினார்கள் என்பது அந்த எண்ணில் இல்லை. விருப்பத்தால் அழுத்தியதும் பயத்தால் அழுத்தியதும் அட்டவணையில் ஒரே '1'. முன்பதிவான மறுநாளே வரும் ரத்துக் கோரிக்கைகள், பணத்தைத் திருப்பிக் கேட்டு வீட்டுக்காரருக்கு வரும் அழைப்புகள், அடுத்த வருடம் திரும்பி வராதவர்கள் ஆகியவற்றையும் எண்ணினால் படம் கொஞ்சம் தெளிவாகும். வீட்டுக்காரருக்கு வரும் அழைப்பு நம் டேட்டாபேஸில் பதிவாவதே இல்லை.

அப்புறம் நான் சொன்னது: அந்த எண்களெல்லாமே நமக்குச் சாதகமாக வந்தாலும் நான் எழுத மாட்டேன். ஒருவரை எப்படி நடத்தலாம் என்பதை, அதனால் எவ்வளவு கிடைக்கிறது என்ற எண்ணை வைத்துத் தீர்க்க முடியாது.

இங்கே ஒரு எல்லையையும் சொல்ல வேண்டும். இந்த வாதம் எல்லா வற்புறுத்தலையும் மறுப்பது அல்ல. நல்ல படம் போடுவது, விலையைக் குறைப்பது, "வெள்ளிக்கிழமையோடு சலுகை முடிகிறது" என்று உண்மையாகவே முடியும் சலுகையை அறிவிப்பது, அதிகம் பேர் தேர்ந்தெடுத்த வீட்டை மேலே காட்டி அப்படிக் காட்டுகிறோம் என்று சொல்வது எல்லாம் சரிதான். சோதனை ஒன்றே. என்ன செய்கிறோம் என்பதை அவரிடமே சொல்லிவிட்டால், அது இன்னும் வேலை செய்யுமா? சலுகை செய்யும். டைமர் செய்யாது.

## உண்மையான தட்டுப்பாட்டை எப்படிச் சொல்வது

மலையில் நிஜத் தட்டுப்பாடு உண்டு. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வரும் சுற்றுலா வண்டிகளுக்கு இ-பாஸ் வேண்டும். 2025 கோடையில் நீதிமன்றம் எண்ணிக்கையையும் வரையறுத்தது. நீலகிரிக்கு வார நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000. கொடைக்கானலுக்கு 4,000, 6,000. இந்த எண்கள் யாரையும் பயமுறுத்தக் குலுக்கிப் போட்டவை அல்ல. சாலை நெரிசலையும் மலையின் சூழலையும் கருதிப் போட்ட வரம்பு. இதை வருகிறவரிடம் சொல்வது அவருக்கு உதவி. அதனால் "முதலில் இ-பாஸ் எடுத்துவிட்டு, பிறகு அறைக்குப் பணம் கட்டுங்கள்" என்ற வரியைப் பணம் கட்டும் பக்கத்தில் சேர்க்கச் சொன்னேன். முன்பதிவு சற்றுத் தாமதமாகும்தான். அவர் வந்து சேருவார்.

டைமரும் உண்மையாக இருக்க முடியும். ஒருவர் பணம் கட்டத் தொடங்கும்போது அந்த அறையை வேறு யாருக்கும் கொடுக்காமல் பிடித்துவைத்தால், அந்தப் பத்து நிமிடத்துக்குப் பொருள் உண்டு:

```
UPDATE rooms
SET held_until = now() + interval '10 minutes'
WHERE id = 42
  AND (held_until IS NULL OR held_until < now());
```

அறை எண் 42-ஐ வேறு யாரும் பிடித்துவைக்கவில்லை என்றால், பத்து நிமிடத்துக்கு இவருக்காகப் பிடித்துவை என்கிறது இது. கணக்கு சர்வரில் இருப்பதால் பக்கத்தை ரீலோட் செய்தாலும் நேரம் திரும்பப் பத்துக்குப் போகாது. நேரம் முடிந்தால் அறை நிஜமாகவே அடுத்தவருக்குத் திறந்துவிடும். அதே டைமர்தான், ஆனால் இது அவரை விரட்டவில்லை. கார்டு எண்ணைத் தேடி எடுக்கும்வரை அறை எங்கும் போகாது என்று உறுதி சொல்கிறது.

மேலாளர் இந்தப் பகுதியை ஏற்றுக்கொண்டார். பார்ப்பவர் எண்ணிக்கையை விட்டுவிட்டார். மீதி அறை வரி மட்டும் இழுபறியாக நின்றது, அதில் அவர் கேட்டது நியாயமானதுதான்: "உண்மையிலேயே ஒரு அறைதான் மீதி என்றால் சொல்லலாமா?"

சொல்லலாம். ஆனால் எதில் ஒன்று என்றும் சொல்ல வேண்டும். கோத்தகிரியில் ஒரு வீட்டுக்காரர் தன் மூன்று அறைகளில் ஒன்றை நம்மிடமும், இன்னொன்றை வேறு தளத்திலும் கொடுத்திருப்பார், மூன்றாவதைப் போனில் கேட்கும் பழைய வாடிக்கையாளர்களுக்கு வைத்திருப்பார். நம் டேட்டாபேஸில் 1 என்று இருப்பது, அந்த வீட்டில் ஒரே அறை என்று ஆகாது. இதைக் கண்டும் காணாமல் விட்டால் எண் உண்மையாக இருக்கும், வரி பொய்யாகிவிடும். அதனால் இப்போது திரையில் "எங்கள் செயலியில் மீதம்: 1 அறை" என்று வருகிறது, மற்ற எழுத்துகளின் நிறத்திலேயே. அதற்குக் கீழே வீட்டுக்காரரை அழைக்கும் பொத்தான் இருக்கிறது, அவர் எத்தனை மணி முதல் போனை எடுப்பார் என்ற நேரத்தோடு.